மூட்டுவலி மாத்திரை, ஸ்கேன் சாயம், நாட்டு மருந்து: சிறுநீரகம் எப்போது அடிபடுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலி முட்டியில. அதுக்குப் போடுற மாத்திரை எப்படி கிட்னியைப் பாதிக்கும்?

இதயம் நிமிடந்தோறும் தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. அங்கே இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 20 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு பாத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் வந்து சேர ஒரு உள்மடை, வெளியேற ஒரு வெளிமடை. பாத்திக்குள் தேவையான அழுத்தம் நின்றால்தான் நீர் வடிந்து சிறுநீராகும். வரும் தண்ணீர் குறையும்போது உடல் இரண்டு வேலை செய்கிறது. உள்மடையை அகலத் திறக்கிறது, வெளிமடையைக் கொஞ்சம் இறுக்குகிறது. அதனால் வரத்து குறைந்தாலும் பாத்திக்குள் அழுத்தம் விழாமல் நிற்கிறது.

உள்மடையைத் திறந்து வைக்கும் பொருளின் பெயர் புரோஸ்டாகிளாண்டின். முட்டியில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இதே குடும்பத்துப் பொருள்தான். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற அழற்சி அடக்கும் வலி மாத்திரைகள் உடல் முழுக்க அதன் உற்பத்தியைக் குறைத்துவிடுகின்றன. முட்டி எது, சிறுநீரகம் எது என்று மாத்திரைக்குத் தெரியாது. முட்டியில் வலி தணிகிறது. அதே நேரத்தில் சிறுநீரகத்தில் உள்மடை சுருங்குகிறது.

ஊர்ல பாதிப் பேர் இதைப் போடுறாங்க. எல்லாருக்குமா கிட்னி போயிடுது?

இல்லை. நன்றாகத் தண்ணீர் குடிக்கும், வேறு நோயில்லாத 25 வயது இளைஞர் பல்வலிக்கு மூன்று நாள் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அவருடைய சிறுநீரகத்துக்கு இரத்த வரத்து தாராளமாக இருக்கிறது, உள்மடையைத் திறந்து வைக்கப் புரோஸ்டாகிளாண்டினை நம்பி நிற்க வேண்டிய நிலை இல்லை. அதை நம்பி நிற்பவர்கள் வேறு: 60 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், ஏற்கெனவே சிறுநீரகம் பாதி வேலை செய்பவர்கள், இதயம் அல்லது கல்லீரல் பலவீனமானவர்கள், வாந்தி, பேதி, காய்ச்சல், வெயில் வேலை என எதனாலோ உடல் வறண்டு போனவர்கள்.

இதோடு இரத்த அழுத்த மாத்திரை சேரும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. டெல்மிசார்டன், லோசார்டன் போல 'சார்டன்' என்று முடிபவையும், எனலாபிரில், ராமிபிரில் போல 'பிரில்' என்று முடிபவையும் வெளிமடையைத் தளர்த்துபவை. நீண்ட நாளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதும் அந்தத் தளர்வுதான், ஆகவே அவை நல்ல மருந்துகள். சிறுநீர் போக வைக்கும் மாத்திரைகள் (ஹைட்ரோகுளோரோதையசைடு, ஃபுரோசமைடு) உடலில் உள்ள நீரையே குறைக்கின்றன. இப்போது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று வாய்க்காலில் வரத்தைக் குறைக்கிறது, இன்னொன்று வெளிமடையைத் திறக்கிறது, வலி மாத்திரை உள்மடையை மூடுகிறது. பாத்தியில் அழுத்தம் நிற்க வழியே இல்லை. இந்த மூன்றும் சேரும்போது ஆபத்து உச்சத்தில் இருப்பது முதல் 30 நாட்களில். 'ரெண்டு வாரம்தானே போட்டேன்' என்பது ஆறுதல் இல்லை.

அம்மாவுக்கு 62 வயசு. கிரியேட்டினின் 1.0, நார்மல்னு லேப்ல போட்டிருக்கு. வலி மாத்திரை கொடுக்கலாமா?

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தவருக்கு அது இயல்பாகவே குறைவாக ஊறும். ஆகவே ஒரே எண் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தரும். வயது, பாலினம் இரண்டையும் சேர்த்து வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும் எண்தான் ஈ.ஜி.எஃப்.ஆர். கிரியேட்டினின் 1.0 உள்ள 25 வயது ஆணுக்கு 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி அது சுமார் 107. அதே 1.0 உள்ள 62 வயதுப் பெண்ணுக்குச் சுமார் 64. பரிசோதனைத் தாளில் இரண்டு பேருக்கும் 'நார்மல்' என்றே இருக்கும். கிரியேட்டினின் 1.6 என்று வந்தால் அந்த அம்மாவுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். 36. 'கொஞ்சம்தான் கூடியிருக்கு' என்று வீட்டில் சொல்லும் அந்த 0.6இல் கிட்டத்தட்ட பாதி வேலைத்திறன் போயிருக்கிறது.

64 உள்ளவர், சர்க்கரை நோயும் இருந்து, சார்டன் மாத்திரையும் எடுப்பவர் என்றால், கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை அவருக்கு வேண்டாம். மருத்துவர் ஏதோ காரணத்தால் எழுதித் தந்தால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு எடுக்க வேண்டும். ஐந்திலிருந்து ஏழு நாளில் ஒருமுறை கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

நல்லா இருந்தவங்களுக்கு ஒரே வாரத்துல எப்படி கிரியேட்டினின் மூணுக்கு ஏறும்?

கணக்குக்காக இப்படி ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது 62, எடை 60 கிலோ, பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் டெல்மிசார்டன் 40 மி.கி.யோடு ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரை ஒன்று, மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை. மே மாதம் முட்டி வலி கூட, கடையில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையை வாங்கிக் காலையும் இரவும் போடுகிறார். மூன்று மாதத்துக்கு முன் பார்த்த கிரியேட்டினின் 1.0.

ஐந்து நாள் சிக்கலில்லை. ஆறாம் நாள் பேதி, எட்டு முறை. சாப்பாடு இறங்கவில்லை, மாத்திரைகளை மட்டும் விடாமல் போடுகிறார். ஏழாம் நாள் உடம்பு வலி என்று பக்கத்து கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் ஊசி. எட்டாம் நாள் காலையிலிருந்து இரவு வரை போன சிறுநீர் ஒரு டம்ளர் அளவுதான், அதுவும் கரும் மஞ்சள். சூடு என்று நினைத்து வீட்டார் இரண்டு இளநீர் கொடுக்கிறார்கள். ஓர் இளநீரில் சுமார் அரை கிராம் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இவருக்கு அதை வெளியேற்றும் வழி அடைபட்டிருக்கிறது. சார்டன் மாத்திரையும் வலி மாத்திரையும் தனித்தனியாகவே பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் கிரியேட்டினின் 3.1, யூரியா 110, பொட்டாசியம் 5.9.

இங்கே குற்றவாளி ஒரு மாத்திரை மட்டும் இல்லை. மருந்து சிறுநீரகத்தின் தற்காப்பைப் பறித்தது, பேதி தண்ணீரைப் பறித்தது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது.

செய்வது இதுதான். வலி மாத்திரை, அழுத்த மாத்திரை, மெட்ஃபார்மின் மூன்றும் அன்றே நிறுத்தம். இ.சி.ஜி. எடுத்துப் பொட்டாசியம் இதயத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பு வழியாக உப்பு நீர், நாடியையும் அழுத்தத்தையும் நுரையீரலையும் பார்த்துப் பார்த்து. இரத்த ஓட்டக் குறைவு மட்டுமே காரணம் என்றால் ஓரிரு நாளில் சிறுநீர் பெருகும். இந்த அம்மாவுக்குப் பதினொன்றாம் நாள் கிரியேட்டினின் 2.2, பதினைந்தாம் நாள் 1.3. மூன்று மாதத்தில் 1.1இல் நிற்கும். பழைய 1.0க்குத் திரும்பாமலே போகலாம். வறட்சி இரண்டு மூன்று நாள் கூடுதலாக நீடித்திருந்தால் சிறுநீரகக் குழாய்ச் செல்கள் மடிந்து, மீள வாரங்கள் ஆகும். சிலருக்கு இடையில் டயாலிசிஸ் தேவைப்படும்.

பேதி, வாந்தி வந்தா பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா? நிறுத்தக்கூடாதுன்னுதானே சொல்வாங்க?

நாலைந்து முறைக்கு மேல் பேதி, அல்லது குடித்தது எதுவும் தங்காத வாந்தி என்றால், சார்டன் அல்லது பிரில் மாத்திரை, சிறுநீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃபுளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை இவற்றைச் சாப்பாடும் தண்ணீரும் இயல்பாக இறங்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்தான். நல்லபடியாக இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் 'இப்படி ஆனால் எதையெல்லாம் நிறுத்தணும்?' என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்குப் பட்டியல் மாறும். தேறியவுடன் திரும்பத் தொடங்குவதும் அதே அளவு முக்கியம். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கால் பொட்டலம் ஒரு டம்ளருக்கு என்று பிரித்துக் கரைத்தால் அளவு தவறிவிடும்.

எந்தெந்த மாத்திரை இந்த வகை? அட்டையில எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன்பக்கத்துப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சென், மெஃபெனாமிக் அமிலம், பைராக்சிகாம், இண்டோமெத்தசின், கீட்டோரோலாக், நிமிசுலைடு, எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். பாராசிட்டமால் தனியாக இருந்தால் இதில் சேராது. ஆனால் நம் கடைகளில் விற்பதில் நிறைய, பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்றைச் சேர்த்த கூட்டு மாத்திரைகள். 'பாராசிட்டமால்தான் போட்டேன்' என்று மனதாரச் சொல்பவர் கையில் அந்தக் கூட்டு மாத்திரை இருப்பது சகஜம்.

எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் இரண்டும் வயிற்றுக்குக் கொஞ்சம் மென்மையானவை. அந்த மென்மை சிறுநீரகத்துக்குக் கிடையாது. கூடவே போடும் பான்டோபிரசோல் வயிற்றுப் புண்ணைத் தடுக்கும், சிறுநீரகத்துக்கு அதனால் எந்தக் காவலும் இல்லை. ஊசியும் அப்படித்தான். வயிற்றைத் தாண்டிப் போனாலும் இரத்தத்தில் அதே மருந்துதான் ஓடுகிறது.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் வானத்திலேயே சாட்சி இருந்தது. இந்த ஊசி போடப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து செத்தன. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் அவை இன்று மாயாற்றுப் பள்ளத்தாக்கை அண்டித்தான் பிழைத்திருக்கின்றன. பறவைகள் உடல் இந்த மருந்தைக் கையாளும் விதம் வேறு, மனிதருக்கு அவ்வளவு கொடிய விஷம் இல்லை. அடிபடும் உறுப்பு மட்டும் ஒன்றேதான்.

அப்போ வலிக்கு என்னதான் போடறது?

பாராசிட்டமால். 650 மி.கி. மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் நோய் இருப்பவர்களும் தினம் மது அருந்துபவர்களும் இதற்கும் குறைத்தே எடுக்க வேண்டும், மருத்துவரைக் கேட்டு. வலி வந்தபின் ஒன்று போட்டுப் பார்த்து 'கேட்கலை' என்று விடுவதைவிட, முட்டி வலி கூடியிருக்கும் சில நாட்களுக்கு நேரம் வைத்து எடுத்தால் பலன் நன்றாகத் தெரியும்.

முட்டி, கை விரல் போன்ற தோலுக்கு அருகில் உள்ள மூட்டுகளுக்கு டைக்ளோஃபெனாக் களிம்பு நல்ல வழி. ஒரு முட்டிக்கு 4 கிராம், ஒரு நாளில் நான்கு முறை தடவினால், மாத்திரையாக எடுக்கும்போது இரத்தத்தில் சேர்வதில் சுமார் 6 விழுக்காடுதான் சேரும். இடுப்பு, இரண்டு முட்டி, தோள் என்று எல்லா இடத்திலும் பூசினால் அந்தச் சிறு அளவும் கூடிக்கொண்டே போகும். ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ் இருப்பவர்கள் அதையும் கேட்டுத்தான் பூச வேண்டும்.

ரெண்டு வருஷமா தினம் ஒண்ணு போடறேன். இப்பதான் கால் வீக்கம், யூரின்ல நுரை. இதுவும் அதனாலயா?

இருக்கலாம். இது மடை மூடுவதால் வருவது இல்லை. மாதக்கணக்கில் எடுத்தபின் உடலின் எதிர்ப்புச் செல்கள் சிறுநீரகத் திசுவுக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கும், சிலருக்கு வடிகட்டியே ஒழுகிப் புரதம் வெளியேறும். மற்ற மருந்துகளால் வரும் அழற்சியில் காய்ச்சலும் தோல் தடிப்பும் காட்டிக்கொடுக்கும். வலி மாத்திரையால் வருவதில் பெரும்பாலும் அவை இருக்காது. அதனால்தான் தாமதமாகப் பிடிபடுகிறது. ஓட்டலில் டீ ஆற்றுவதுபோல் நுரை எழுந்து, ஐந்து நிமிடம் கழித்தும் அடங்காமல் நின்றால் அது புரதம் என்று சந்தேகிக்க வேண்டும். சிறுநீரில் புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை அன்றே நிறுத்துங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் திசு எடுத்துப் பார்க்க வேண்டி வரும்.

டை போட்டு சி.டி. எடுக்கணும்னு சொல்றாங்க. கிட்னி போயிடும்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்துறாங்க.

அயோடின் கலந்த அந்தச் சாயம் சிறுநீரகத்தின் உட்பகுதியில் இரத்தக் குழாய்களைச் சிறிது நேரம் சுருக்குகிறது, குழாய்ச் செல்களையும் நேரடியாகத் தாக்கக்கூடியது. அந்த உட்பகுதி இயல்பாகவே மிகக் குறைந்த ஆக்சிஜனில் ஓடும் இடம். ஆனால் இந்த ஆபத்து நெடுங்காலம் மிகைப்படுத்தப்பட்டது. சாயம் போட்டவர்களையும் போடாமல் ஸ்கேன் எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஈ.ஜி.எஃப்.ஆர். 45க்கு மேல் உள்ளவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. நரம்பில் போடும் சாயத்துக்கு இன்று உண்மையான கவலை 30க்குக் கீழ் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பில் இருப்பவர்களுக்கும்தான். பக்கவாதம், மாரடைப்பு, உள் இரத்தக் கசிவு என்று உயிருக்கு ஆபத்தான நேரத்தில் கிரியேட்டினின் முடிவுக்காகக் காத்திருப்பது தவறு.

ஸ்கேனுக்கு எழுதித் தரும்போதே 'சாயம் இல்லாமல் தெரியுமா?' என்று கேளுங்கள். சிறுநீரகக் கல்லைப் பார்க்கச் சாயம் தேவையே இல்லை. சாயமில்லாத சி.டி.யில் கல் பளிச்சென்று தெரியும்.

ஸ்கேனுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்? தண்ணிகூடக் குடிக்கக்கூடாதுன்னாங்களே.

முந்தைய நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் இருந்து, மதியம் முறை வந்து ஸ்கேன் எடுப்பதுதான் சிறுநீரகத்துக்குக் கெட்டது. வறண்ட உடலில்தான் சாயம் வேலையைக் காட்டும். சாப்பாட்டுக்கு ஏதாவது தடை சொன்னாலும், தண்ணீருக்கும் தடையா என்று ஸ்கேன் மையத்திலேயே தெளிவாகக் கேளுங்கள். பெரும்பாலான சி.டி.க்குத் தண்ணீர் தடையில்லை.

வலி மாத்திரையை இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். மேலே சொன்ன அம்மாவுக்கு, கிரியேட்டினின் 1.6 ஆக இருக்கும்போது வயிற்றுக்குச் சாய சி.டி. எழுதப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஈ.ஜி.எஃப்.ஆர். 36. அவர் 30க்கு மேல் இருக்கிறார், தேவையான ஸ்கேன் என்றால் எடுக்கலாம். வலி மாத்திரை நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் குடித்து வந்தால் போதும். அவருடைய எண் 25 என்றால், நரம்பு வழியாக 0.9 விழுக்காடு உப்பு நீர் முன்னும் பின்னும் ஏற்றுவார்கள். உள்நோயாளியாக இருந்தால் கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி. என்பது ஒரு வழக்கமான அளவு, 60 கிலோவுக்கு மணிக்கு 60 மி.லி. இதயம் பலவீனமானவருக்கு இதே உப்பு நீர் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், ஆகவே அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரை காப்பாற்றும் என்று ஒரு காலத்தில் கொடுத்தார்கள். பெரிய ஆய்வில் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டது.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சாயத்தால் சிறுநீரகம் தடுமாறினால் அது உடலில் தேங்கி இரத்தத்தை அமிலமாக்கும் என்பதற்காகத்தான் நிறுத்துகிறார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழ் இருந்தால், அல்லது தமனி வழியாகச் சாயம் போட்டால், 48 மணி நேரம் நிறுத்தி, கிரியேட்டினின் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

பாதிப்பு வந்தால் சிறுநீர் குறையாமலேகூட வரும். ஆபத்துப் பிரிவில் இருப்பவர் 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபடி கிரியேட்டினின் பார்க்க வேண்டும், முன்பு பார்த்த அதே பரிசோதனை நிலையத்தில். 0.3 கூடினாலே அதைப் பாதிப்பாகக் கணக்கில் எடுப்பார்கள். வழக்கமாக மூன்றாம், ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டு, பத்து நாளில் இறங்கிவிடும்.

ஆஞ்சியோவுக்கும் இதே கதைதானா?

கொஞ்சம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். இதயத்தின் பக்கத்திலிருந்து போடும் சாயம் பெரிதாக நீர்க்காமல் நேரே சிறுநீரகத் தமனிக்கு வந்து சேர்கிறது. அளவும் கூடும். ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணின் மூன்று மடங்கு மி.லி.க்குள் சாயத்தை அடக்கப் பார்ப்பார்கள். 36 என்றால் சுமார் 100 மி.லி. அதற்குள் முடியாது என்றால், இன்றைக்குப் படம் மட்டும் எடுத்து ஸ்டென்ட்டை வேறு நாளுக்குத் தள்ளுவதுண்டு. மாரடைப்பு நேரத்தில் அந்தக் கணக்கு பொருந்தாது.

நாட்டு மருந்துக்குப் பக்கவிளைவே கிடையாதுன்னு சொல்றாங்களே?

செடியில் இருந்தாலும் கெடுக்கக்கூடியது கெடுக்கும். இதற்கு உலகம் மறக்காத பாடம் பிரஸ்ஸல்ஸ் நகரில் கிடைத்தது. அங்கே உடல் மெலிய மாத்திரை கொடுத்துவந்த ஒரு மையம், 1990இல் கலவையை மாற்றிச் சீன மூலிகைகளைச் சேர்த்தது. அதில் ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயரில் ஒற்றுமை உள்ள அரிஸ்டலோக்கியா இனச் செடி தவறுதலாக வந்துவிட்டது. 1992 வாக்கில், நடுவயதுப் பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் சுருங்கி மருத்துவமனைக்கு வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். மாத்திரையை நிறுத்திய பிறகும் பலருக்குச் சிறுநீரகம் தேய்ந்துகொண்டே போய் டயாலிசிஸில் முடிந்தது. முன்னெச்சரிக்கையாக வேலை செய்யாத சிறுநீரகங்களையும் சிறுநீர்க்குழாய்களையும் அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்கு அங்கே புற்றுநோய் இருந்தது.

அந்தச் செடியின் நஞ்சு அரிஸ்டலோகிக் அமிலம். அது குழாய்ச் செல்களின் மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது, அதனால்தான் நிறுத்தியும் விடுவதில்லை. அதே இனம் நம் ஊரிலும் உண்டு. கரிசல் காட்டு ஓரத்தில் படரும் ஆடுதின்னாப்பாளையும், ஈசுரமூலி அல்லது கருடக்கொடி என்று சொல்லப்படுவதும் அதன் உறவுகள். புழுவுக்கும், தோல் நோய்க்கும், பூச்சிக்கடிக்கும் உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இந்த நஞ்சுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. இவற்றைச் சாறாகவோ பொடியாகவோ உள்ளுக்கு எடுக்காதீர்கள்.

இந்த வகைப் பாதிப்பு சத்தமில்லாமல் வரும். வீக்கம் இருக்காது, இரத்த அழுத்தம் பெரிதாக ஏறாது, சிறுநீர் அளவும் குறையாது. கிரியேட்டினினோடு பொருந்தாத அளவுக்கு இரத்த சோகை, இரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் சிறுநீரில் சர்க்கரை, ஸ்கேனில் சுருங்கிய சிறுநீரகம் ஆகியவை சேர்ந்தால், என்ன மூலிகை எடுத்தார் என்று தோண்டிக் கேட்க வேண்டும்.

பஸ்பம், செந்தூரம் எடுத்துக்கலாமா?

ரசம், லிங்கம், பூரம், வீரம் என்று பெயர் வந்தால் அது பாதரசம். தாளகம், வெள்ளைப் பாஷாணம் என்றால் ஆர்சனிக். முறைப்படி சுத்தி செய்ததா இல்லையா என்பதை நோயாளியால் கண்டுபிடிக்க வழியில்லை. பாதரசம் சிலருக்கு வடிகட்டியின் சுவரில் எதிர்ப்புப் பொருளைப் படியச் செய்து புரதத்தை ஒழுகவிடுகிறது. இந்தியச் சிறுநீரக ஆய்வாளர்கள், இந்த வகை நோயாளிகளில் பலர் பாரம்பரிய மருந்து எடுத்தவர்கள் என்றும், பாதரசம் கலந்த அந்த மருந்துகளை நிறுத்தியபின் பெரும்பாலோருக்குப் புரதம் குறைந்தது என்றும் 2022இல் வெளியிட்டார்கள். கேரளத்தில் தோலை வெளுக்கவைக்கும் க்ரீமாலும் இதே நோய் வந்தது, அதிலும் பாதரசம்தான். இந்த ஒன்றில் நல்ல செய்தி உண்டு: நேரத்தில் நிறுத்தினால் பலருக்கு மீள்கிறது. கண் இமை காலையில் வீங்குவதும், நுரைக்கும் சிறுநீரும்தான் முதல் அடையாளம்.

இத்தகைய நச்சுப்பொருள் சேர்ந்த உள்மருந்தின் புட்டியில், மருத்துவ மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும் என்பது இந்தியச் சட்டம். காகிதத்தில் மடித்துத் தரும் பொடிக்குப் பட்டியலும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மூட்டுவலிக்குத் தரும் அத்தகைய பொடி இரண்டே நாளில் அதிசயமாகக் கேட்டால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். டைக்ளோஃபெனாக்கோ ஸ்டீராய்டோ அரைத்துக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

கல்லு கரைய, சுகர் குறைய பிலிம்பி ஜூஸ் குடிக்கலாமா?

குழம்பில் நான்கு காய் போடுவதில் தப்பில்லை. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் சாறாகக் குடிப்பதுதான் ஆபத்து. பிலிம்பியிலும் (இரும்பன் புளி) நட்சத்திரப் பழத்திலும் ஆக்சலேட் மிக அதிகம், அது சிறுநீரகக் குழாய்களுக்குள் படிகமாக உறைந்து அடைக்கிறது. கொழுப்பு குறைய என்று பிலிம்பிச் சாறு குடித்து, கிரியேட்டினின் ஏறியவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதில் உள்ள நரம்பு நஞ்சு வெளியேறாமல் தேங்கி, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

டாக்டர்கிட்ட போகும்போது என்ன கொண்டு போகணும்?

கடந்த மூன்று மாதத்தில் வாயில் போட்ட, தோலில் பூசிய, ஊசியாக ஏறிய எல்லாவற்றின் அட்டை, புட்டி, பொட்டலம். 'மருந்து எதுவும் எடுக்கலை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கஷாயத்தையும் வலி ஊசியையும் மருந்தாகவே எண்ணுவதில்லை. மிச்சமிருக்கும் பொடியைக் குப்பையில் கொட்டிவிடாமல், காய்ந்த சிறு டப்பாவில் மூடி, வாங்கிய தேதியும் எத்தனை நாள் எடுத்தது என்பதும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதில் பாதரசம், ஆர்சனிக், ஈயம் இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க முடியும். பழைய கிரியேட்டினின் தாள் எவ்வளவு பழையதாக இருந்தாலும் வேண்டும். இன்றைய 1.8 நேற்று வந்ததா, ஐந்து வருடமாக இருப்பதா என்று அந்தத் தாளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும், சிகிச்சையும் அதைப் பொறுத்துத்தான் மாறும்.